குடல் டிபியா, கிரோன்ஸா? பயாப்சி முடிவு சொல்லாதபோது என்ன செய்வது

கேள்வி: "என் தம்பிக்கு 27 வயசு. நாலு மாசமா வலது பக்கம் அடிவயிற்றில் வலி, சாயங்காலம் லேசா காய்ச்சல், 9 கிலோ எடை குறைஞ்சிருச்சு. கொலோனோஸ்கோபி பண்ணி, குடல்ல புண் இருக்குன்னு சதை எடுத்து அனுப்பினாங்க. ரிப்போர்ட்ல 'கிரானுலோமா இருக்கு, டிபியாவும் இருக்கலாம், கிரோன்ஸாவும் இருக்கலாம்'னு போட்டிருக்கு. ஒரு டாக்டர் ஆறு மாசம் டிபி மாத்திரை சாப்பிடணும்கிறார். இன்னொருத்தர் இது கிரோன்ஸ், ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம்கிறார். தம்பிக்கு இருமலே இல்ல, நெஞ்சு எக்ஸ்ரேயும் நார்மல். யார் சொல்றதைக் கேட்கறது?"

பரிசோதனைகளைச் சரியாகச் செய்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், முதலில் டிபி மருந்து. ஆனால் ஒரு நிபந்தனையோடு: மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அந்தத் தேதியை இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை ஸ்டீராய்டு வேண்டாம், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் வேண்டாம். கிரோன்ஸ் என்பது டிபி போலத் தொற்று இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் நோய்; ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கும். கிரோன்ஸ் நோயாளி இரண்டு மாதம் டிபி மருந்து சாப்பிட்டால் நாள் வீணாகும், சில சமயம் குடல் இன்னும் கொஞ்சம் சுருங்கும். டிபி இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால், கிருமியைச் சுற்றி உடம்பு கட்டி வைத்திருக்கும் வேலியே தளர்ந்துபோய், நோய் உடம்பு முழுக்கப் பரவலாம். இரண்டு தவறுகளில் சிறியது எது என்ற கணக்குதான் இது. நான் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குடல் நோய்களைப் பார்த்துவரும் மருத்துவன். உங்கள் தம்பியின் படங்களை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

இருமல் இல்லாததையும் எக்ஸ்ரே நன்றாக இருப்பதையும் வைத்து டிபி இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்று டிபி வருபவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயில் தீவிரமான நோய் தெரிவதில்லை. என்றோ மூச்சு வழியே போன கிருமி ரத்தத்தில் கலந்து குடலில் போய்த் தங்கியிருக்கலாம், சளியோடு விழுங்கப்பட்டிருக்கலாம், காய்ச்சாத பாலிலிருந்து மாட்டு டிபியும் வரலாம். எந்த வழியில் வந்தாலும் அது விரும்பித் தங்கும் இடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அந்தச் சந்திதான். சாப்பாடு அங்கே சற்று நின்று போகிறது, நிணநீர்த் திசுவும் அங்கே நிறைய இருக்கிறது. கிரோன்ஸ் நோயும் அதிகமாகப் பிடிப்பது அதே இடத்தைத்தான். இரண்டிலும் புண், வீக்கம், சுருக்கம், கிரானுலோமா என்கிற எதிர்ப்புச் செல்களின் முடிச்சு எல்லாம் உண்டு. 1932-இல் நியூயார்க்கில் கிரோனும் அவருடன் இருந்தவர்களும் தனி நோயாக எழுதும்வரை, அவர்கள் ஊரிலேயே இப்படிப்பட்ட குடல்களைப் பெரும்பாலும் டிபி என்றுதான் நினைத்தார்கள். நம் நாட்டில் நிலைமை தலைகீழ். டிபி இங்கே எப்போதும் இருந்தது. கிரோன்ஸ் இருக்குமோ என்று நாங்கள் பரவலாக யோசிக்க ஆரம்பித்தது கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில்தான்.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன், இது புரிவதற்கு அதுதான் எளிது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்த இளைஞர், வயது முப்பதுக்குள். வந்தபோது எடை 44 கிலோ. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். வயிற்றுக்குள் ஒரு பந்து உருண்டு மேலே வருவது போல இருக்கும். அப்புறம் கடகடவென்று இரைந்து, காற்று பிரிந்ததும் வலி விட்டுவிடும். குடல் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது, உணவு முட்டிமோதிக் கடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வர்ணனை கிடையாது. வலிக்குப் பயந்தே அவர் இரவில் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார், எடை இன்னும் இறங்கியது. இடையில் வயிற்றுப்போக்கு வந்தபோதெல்லாம் மெடிக்கலில் ஆஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வகை மருந்துகள் டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். ஒரு வாரம் சுகமாகத் தெரியும். பரிசோதனையில் கிருமி சிக்குவது கடினமாகும். உங்கள் தம்பியும் அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அவருக்குக் கொலோனோஸ்கோபி செய்தபோது, சந்தியில் இருக்க வேண்டிய வால்வு மூடாமல் வாயைப் பிளந்த மாதிரி கிடந்தது. பெருங்குடலின் தொடக்கப் பை சுருங்கியிருந்தது. அதற்கு மேலே, குடலைச் சுற்றி வளையல் போட்டது போல ஒரு புண். புண் இப்படிக் குறுக்காகச் சுற்றி வந்தால் டிபி பக்கம் சாய்வோம். குடலின் நீளவாக்கில் கோடு கிழித்தது போல ஓடினால், நடுநடுவே நல்ல குடல் விட்டுவிட்டு இருந்தால், கிரோன்ஸ் பக்கம். ஆசனவாயைச் சுற்றிச் சீழ்க்கட்டியோ பவுத்திரமோ இருந்தாலும் கிரோன்ஸ் பக்கம்தான். மாலைக் காய்ச்சலும் வயிற்றில் நீரும் டிபியை நினைக்க வைக்கும். பல மாதங்களாக ரத்தம் கலந்த பேதி கிரோன்ஸை நினைக்க வைக்கும். இவையெல்லாம் சாய்வுகள் மட்டுமே. இரண்டும் கலந்து காட்டும் குடலையும் பார்த்திருக்கிறேன்.

பயாப்சி விஷயத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது, ஒரு சின்ன பாட்டிலில். சதைத்துண்டை வழக்கமாக ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அதுதான் சரி. ஆனால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதிலிருந்து டிபி கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்யவே முடியாது. அதற்கும் சிபிநாட் என்கிற மரபணுச் சோதனைக்கும் தனியாகச் சில துண்டுகளைச் சாதாரண சலைனில் போட்டு அன்றைக்கே அனுப்ப வேண்டும். புண்ணின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் ஏழெட்டுத் துண்டாவது எடுத்துப் பாதியை இதிலும் பாதியை அதிலும் போடுவது என் பழக்கம். வெளியிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளில் ஃபார்மலின் மட்டுமே போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் தம்பிக்கு எப்படி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். சலைனில் போகவில்லை என்றால், மருந்து ஆரம்பிக்கும் முன்பே இன்னொரு முறை எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு கிருமி கிடைக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

சரி, எல்லாம் ஒழுங்காக அனுப்பினாலும் விடை கிடைக்குமா? எப்போதும் கிடைப்பதில்லை. குடல் டிபியில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சிபிநாட் பாசிட்டிவ் என்றால் டிபி என்று நம்பி மேலே போகலாம், மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதும் கூடவே தெரியும். நெகட்டிவ் என்றால் அதற்குப் பொருளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான டிபி நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடல் துண்டில் அது நெகட்டிவாகவே வரும். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். நுண்ணோக்கியில் கிரானுலோமாக்கள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் பாலாடைக்கட்டி போல அழுகியிருந்தால் டிபி. சிறிதாக, தனித்தனியாக, ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் கிரோன்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறுமனே 'கிரானுலோமா இருக்கிறது' என்ற ஒரு வரி போதாது. அந்தக் கண்ணாடிச் சில்லுகளை லேபில் கேட்டு வாங்கி, குடல் திசுக்களை நிறையப் பார்க்கும் ஒரு நோயியல் நிபுணரிடம் மறுபடி காட்டலாம். இதற்குப் புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை.

ரத்தச் சோதனைகளில் பணத்தை விடாதீர்கள். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும், இக்ரா என்ற ரத்தச் சோதனையும், உடம்பு டிபி கிருமியை என்றாவது சந்தித்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நம் ஊரில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏராளமானவர்களுக்கு அது பாசிட்டிவாக வரும். டிபிக்கான ஆன்டிபாடி ரத்தச் சோதனைகளை 2012-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. சி.டி. ஸ்கேன் அப்படி இல்லை, அது உதவும். வயிற்றுக்குள் நெறிகட்டிகள் வீங்கி நடுவில் அழுகியது போலத் தெரிந்தால் அது டிபிக்கு நல்ல சாட்சி. வயிற்றில் நீர் இருந்தால் இன்னும் நல்லது, ஊசியால் கொஞ்சம் எடுத்து ஏடிஏ என்ற நொதியின் அளவு பார்க்கலாம். லிட்டருக்கு 39 யூனிட்டுக்கு மேல் இருந்து, செல்களில் லிம்போசைட் என்ற வெள்ளணு மிகுந்திருந்தால் பெரும்பாலும் டிபி. பெண்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. வயிற்றில் நீர், ரத்தத்தில் சிஏ 125 என்ற புரதத்தின் உயர்வு இரண்டையும் பார்த்துக் கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுநோய் என்று வீட்டையே உலுக்கிவிட்டு, கடைசியில் சதையில் டிபி வந்தவர்கள் பலர். அந்த அளவு வயிற்று டிபியிலும் நன்றாகவே ஏறும்.

திருப்பூர் இளைஞருக்கு சிபிநாட் நெகட்டிவ், கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. கிரானுலோமா இருந்தது, அழுகல் இல்லை. உங்கள் தம்பி நிற்கும் அதே இடம். டிபி மருந்து ஆரம்பித்தோம். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் நின்றது, இரண்டு மாதத்தில் எடை 49. மறுபடி கொலோனோஸ்கோபியில் அந்த வளையல் புண் போய் வெள்ளையாக ஒரு தழும்பு. அதைப் பார்த்த பிறகுதான் 'டிபி' என்று உறுதியாக எழுதினேன்.

இன்னொருவர் ஒரு கல்லூரி மாணவி. அவருக்கும் இதே மருந்து, இரண்டு மாதத்தில் பசி வந்துவிட்டது, வலி குறைந்தது, எடை மூன்று கிலோ ஏறியது. நல்லாத்தானே இருக்கா, மறுபடி எதுக்கு டியூப் என்று அம்மா கேட்டார். பார்த்தபோது புண்கள் அப்படியே இருந்தன, சிறுகுடலில் ஒன்றிரண்டு கூடவும் செய்திருந்தன. கிரோன்ஸ். மறுபடி சதை எடுத்து, மருந்துக்கு அடங்காத டிபி இல்லை, லிம்போமா என்ற புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட்டு வேறு சிகிச்சைக்குப் போனோம். கிரோன்ஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் குடலின் மற்ற பாக்டீரியாக்களையும் அடக்குவதால் சிலருக்குத் தற்காலிகச் சுகம் கிடைக்கலாம் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும், உடம்பு தேறுவதை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். புண் ஆறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொலோனோஸ்கோபி உடனே முடியாதவர்களுக்கு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்குவதை ஒரு குறியாக எடுத்துக்கொள்வேன், ஆனால் அது இரண்டாம் பட்சம்.

மருந்தைப் பற்றி. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். அடுத்த நான்கு மாதம் பைராசினமைடை நிறுத்திவிட்டு மற்ற மூன்றும். எல்லாம் ஒரே மாத்திரையில் கலந்து வரும், எடைக்கேற்ப எண்ணிக்கை மாறும், தினமும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். 35 முதல் 49 கிலோ வரை மூன்று மாத்திரை, 50 முதல் 64 வரை நான்கு. திருப்பூர்க்காரர் மூன்றில் தொடங்கினார். மூன்றாம் மாதத்தில் 51 கிலோ ஆனதும் நான்காக மாற்றினோம். எடை ஏறியபின் மாத்திரையைக் கூட்ட மறந்துபோவது சாதாரணமாக நடக்கிறது, நீங்களே மாதாமாதம் எடை பார்த்துச் சொல்லுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் பெயரை அரசின் நிக்‌ஷய் பதிவேட்டில் ஏற்றினால் இந்தத் தொகை உண்டு.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசினின் நிறம் அது. பயப்பட வேண்டியது கல்லீரலுக்கு. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் கட்டன் டீ போலக் கறுத்துப்போவது, இதில் எது வந்தாலும் அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு அதே நாளில் டாக்டரைப் பார்த்து கல்லீரல் சோதனை செய்ய வேண்டும். அறிகுறிகளோடு, அந்தச் சோதனையில் வரும் எஸ்ஜிபிடி அளவு இயல்பான உச்ச அளவைவிட மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மருந்தை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவோம். அதைத் தாங்களாகவே வீட்டில் செய்யக் கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் இந்த ஆறு மாதம் ஒரு சொட்டும் ஆகாது. நாட்டு மருந்து சேர்த்துச் சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அது எத்தாம்பியூட்டாலின் வேலை, உடனே சொல்ல வேண்டும். கை கால் எரிச்சலுக்கு பைரிடாக்சின் மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுப்போம்.

"ஆறு மாதம் போதுமா, எங்க டாக்டர் ஒரு வருஷம் என்கிறாரே" என்று பலர் கேட்கிறார்கள். வயிற்று டிபிக்கு ஆறு மாதச் சிகிச்சையைப் பன்னிரண்டு மாதச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையம் 1990-களிலேயே பார்த்துவிட்டது. 2015-இல் வெளியான இந்திய ஆய்வொன்று சுமார் 200 பேரை ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று பிரித்துப் பார்த்தது. இரண்டிலும் குறைந்த காலமே போதும் என்றுதான் தெரிந்தது. புண் ஆறியிருந்தால், மருந்து எதிர்ப்பு இல்லாவிட்டால், ஆறு மாதத்தோடு நான் நிறுத்திவிடுவேன். கூடுதல் மாதங்கள் கல்லீரலுக்குச் சுமைதான்.

ஒரு விஷயம் மட்டும் நோயாளிகளைக் கலங்க வைக்கும். திருப்பூர் இளைஞருக்கு ஐந்தாவது மாதத்தில் அதே பந்து உருளும் வலி திரும்பியது. மருந்து வேலை செய்யவில்லை, நோய் திரும்பிவிட்டது என்று அழுதுவிட்டார். ஸ்கேன் எடுத்தால் நோய் இல்லை. புண் ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கியிருந்தது. மாத்திரையால் கிருமி சாகும், தழும்பு விரியாது. கொலோனோஸ்கோபி வழியே பலூன் வைத்து இரண்டு தடவை விரித்தோம், சரியானது. சுருக்கம் நீளமாக இருப்பவர்களுக்கும் பல இடங்களில் இருப்பவர்களுக்கும் அறுவை தேவைப்படலாம். அதுவரை நார் அதிகமுள்ள முருங்கைக்காய், வாழைத்தண்டு, கொட்டையோடு கொய்யா இவற்றைத் தள்ளி வைக்கச் சொல்வேன். குழைந்த சாதம், இட்லி, முட்டை, மசித்த பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் மலமும் நின்றுவிட்டால் வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: நுரையீரலில் நோய் இல்லாத குடல் டிபி அடுத்தவருக்கு ஒட்டாது. தம்பிக்குத் தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை. சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், டிபி சந்தேகப்படும் எல்லோருக்கும் இது வழக்கம்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: பயாப்சி சலைனில் போனதா என்று கேளுங்கள், சில்லுகளை வாங்குங்கள், சி.டி. எடுத்திருந்தால் நெறிகட்டிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆசனவாயில் தம்பிக்கு எப்போதாவது கட்டி வந்து உடைந்ததா என்று தனியாகக் கேளுங்கள், கூச்சத்தில் சொல்லாமல் விட்டிருப்பார். அப்படி ஒன்று இருந்து, புண்கள் நீளவாக்கில் இருந்து, நெறிகட்டியும் இல்லை என்றால் நானும் இரண்டாவது டாக்டரின் பக்கம் போவேன். இல்லையென்றால் முதல் டாக்டரிடம் போய், மாத்திரை ஆரம்பிக்கும் அன்றே இரண்டு மாதம் கழித்து எந்தத் தேதியில் கொலோனோஸ்கோபி என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.